ஒருவர் எம்சி எடுத்தால் வரிசை நிற்கக் கூடாது: திறன் அட்டவணையும் மாற்றுப் பயிற்சியும், படிப்படியாக

சிங்கப்பூரின் சின்ன அலுவலகம் எதிலும் ஒரு "அக்கா" இருப்பார். அவர் வந்தால் வேலை ஓடும். அவர் உடம்பு சரியில்லை என்று எம்சி எடுத்தால் மற்ற நால்வரும் அலுவலகத்தில் இருப்பார்கள், ஆனாலும் ஒரு குறிப்பிட்ட வகை வேலை மட்டும் நகராது. ஆள் பற்றாக்குறை என்று முதலாளி நினைப்பார். பெரும்பாலும் அது ஆள் பற்றாக்குறை அல்ல. அந்த வேலையை முடிக்கக்கூடியவர் அன்று வரவில்லை, அவ்வளவுதான்.

இதைச் சரிசெய்யும் வழியை ஒரே ஓர் அலுவலகத்தை வைத்து விளக்குகிறேன். வாடிக்கையாளர்களின் சரக்கைக் கொண்டுவந்து சேர்க்கும், ஐந்து பேர் வேலை பார்க்கும் ஃபார்வர்டிங் கம்பெனியின் ஆவண மேசை. இது உதாரணத்துக்காக நான் அமைத்துக்கொண்டது. இறக்குமதிச் சரக்குக்கு டிரேட்நெட் என்ற அரசாங்க இணையத் தளம் வழியாக பர்மிட் எடுப்பது, பொருள் எந்த நாட்டில் உருவானது என்று காட்டும் தோற்றச் சான்றிதழ் வாங்குவது, லாரி ஏற்பாடு செய்வது, பில் போடுவது எல்லாம் இங்கே நடக்கும். பர்மிட் வராமல் சரக்கு வெளியே வராது. ஆகவே இங்கே வரிசை நின்றால், அது அன்றைக்கே கன்டெய்னர் வாடகையாகவும் வாடிக்கையாளரின் போன் அழைப்பாகவும் திரும்பி வரும்.

ஐவரையும் இப்படி அழைத்துக்கொள்வோம். மூத்தவர் அக்கா. லாரி, கிடங்கு விவகாரங்களைப் பார்ப்பவர் அண்ணன். சேர்ந்து ஓராண்டு ஆனவர் தம்பி. இந்த மூவரும் தமிழர்கள். தோழி மலாய்க்காரர், பர்மிட் மேசையில் அக்காவுக்கு அடுத்தவர். நண்பர் சீனர், பில்லிங் அவருடையது.

எத்தனை நாள் ஆள் குறையும்?

முதலில் ஒரு சின்னக் கணக்கு. வேலை நியமனச் சட்டப்படி ஆண்டு விடுப்பு முதல் வருடம் 7 நாளில் தொடங்கி, எட்டாம் வருடத்தில் 14 நாளாகிறது. பல கம்பெனிகள் முதலிலேயே 14 கொடுத்துவிடுகின்றன. அதோடு ஆளுக்கு 5 நாள் எம்சி என்று வைத்தால் ஒருவர் வருடத்தில் 19 நாள் வரமாட்டார். வேலை நாட்கள் 250 என்று கொள்ளுங்கள். ஐந்து பேரின் விடுப்பும் ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் விழுந்தால், குறைந்தது ஒருவராவது இல்லாத நாள் வருடத்தில் ஏறக்குறைய 80 வரும். அதாவது மூன்றில் ஒரு நாள். இரண்டு பேரோ அதற்கு மேலோ இல்லாத நாள் ஒரு டஜன் தேறும்.

இதில் நீண்ட விடுப்புகள் சேரவில்லை. மகப்பேறு விடுப்பு 16 வாரம். தந்தையர் விடுப்பு 2025 ஏப்ரல் 1 முதல் 4 வாரம். தேசிய சேவை முடித்த ஆண்களை ரிசர்விஸ்ட் பயிற்சிக்கு ஒரு வருடத்தில் 40 நாள் வரை அழைக்கலாம். இவற்றில் ஒரு நன்மை உண்டு, முன்கூட்டியே தெரிந்துவிடும். எம்சி அப்படியல்ல, காலை எட்டரை மணிக்குத்தான் வாட்ஸ்அப்பில் செய்தி வரும்.

ஆக, "ஒருவர் இல்லாத நாள்" அபூர்வமான ஆபத்து அல்ல, வாரத்துக்கு ஒன்றரை நாள் நடக்கும் சாதாரண விஷயம். இருவர் இல்லாத நாளும் மாதம் ஒருமுறை வரும். பின்னால் எந்த வேலைக்கு இரண்டு பேர் போதும், எதற்கு மூன்று பேர் வேண்டும் என்று முடிவெடுக்க இந்த இரண்டு எண்களும் தேவைப்படும்.

படி 1: வேலையைப் பிரியுங்கள், ஆளைப் பிரிக்காதீர்கள்

யாருக்கு எந்த வேலை எவ்வளவு தெரியும் என்று காட்டும் திறன் அட்டவணை போடுகிறவர்கள் முதலில் செய்யும் தவறு, பதவிப் பெயர்களை எடுத்து வரிசையாக எழுதுவது. "பர்மிட்", "ஆப்ரேஷன்ஸ்", "அக்கவுண்ட்ஸ்" என்று மூன்று வரி போட்டால் அட்டவணை அழகாக இருக்கும், எதையும் காட்டாது. அக்காவுக்கும் தோழிக்கும் "பர்மிட்" தெரியும் என்று பச்சை வண்ணம் அடித்துவிட்டு நிம்மதியாக இருப்பீர்கள். அக்கா வராத அன்று உறைய வைத்த இறைச்சிக் கன்டெய்னர் ஒன்று வரும்போதுதான், தோழிக்குத் தெரிந்தது சாதாரணச் சரக்கின் பர்மிட் மட்டும் என்பது புரியும்.

கடந்த மூன்று மாதத்தில் முடித்த வேலைகளின் பட்டியலை எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே என்ன வகை, யார் முடித்தார் என்று குறியுங்கள். எந்த வகையில் பத்துக்கு ஒன்பதை ஒரே ஆள் முடித்திருக்கிறாரோ, அதைத் தனி வரியாக்குங்கள். அப்புறம், கடைசியாக அக்கா இரண்டு மூன்று நாள் தொடர்ந்து வராதபோது எது குவிந்தது என்று அந்த வாரத்து மின்னஞ்சலைப் பாருங்கள். பட்டியலில் சிக்காத வேலைகள் அங்கே தெரியும். நிராகரிக்கப்பட்ட பர்மிட்டைத் திருத்துவது அப்படிப்பட்ட ஒன்று. அது தனி வேலையாக எங்கும் பதிவாகாது. ஆனால் நாளுக்கு இரண்டு மூன்று வரும், எல்லாம் அக்காவிடம்தான் போகும்.

ஒரு வரி சரியான அளவில் இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி: ஒருவர் அதைச் சில நாட்களிலிருந்து சில வாரங்களுக்குள் கற்க முடிய வேண்டும். கற்றுவிட்டாரா என்பதை ஒரு நிஜ வேலையைக் கொடுத்துப் பார்த்துவிட முடிய வேண்டும். இதன்படி நம் அலுவலகத்துக்கு ஏழு வரிகள் வந்தன. பத்துப் பன்னிரண்டு வரை போகலாம். முப்பது நாற்பது வரி போட்டால் இரண்டாம் மாதமே யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள்.

படி 2: மதிப்பெண்ணுக்குச் சாட்சி கேளுங்கள்

0 முதல் 4 வரை போதும். 0 என்றால் செய்ததே இல்லை. 1 என்றால் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து சொன்னால் செய்வார். 2 என்றால் வழக்கமான வேலையைத் தானே செய்வார், ஆனால் அனுப்புமுன் இன்னொருவர் பார்க்க வேண்டும். 3 என்றால் வழக்கத்துக்கு மாறானது வந்தாலும் தனியே முடிப்பார். 4 என்றால் மற்றவருக்குக் கற்றுக்கொடுப்பார்.

இதில் 2-க்கும் 3-க்கும் இடையில்தான் எல்லாமே இருக்கிறது. ஆள் இல்லாத நாளில் 3-ம் 4-ம் மட்டுமே கணக்கில் வரும். ஏனென்றால் 2 உள்ளவருக்குச் சரிபார்க்க இன்னொருவர் தேவை, அந்த இன்னொருவர்தான் அன்று எம்சியில் இருக்கிறார்.

"உனக்கு எவ்வளவு போடட்டும்?" என்று ஆளையே கேட்காதீர்கள். கூச்ச சுபாவம் உள்ளவர் மூன்றை இரண்டு என்பார். துணிச்சல்காரர் ஒன்றை மூன்று என்பார். 3 போட வேண்டுமானால் அவர் தனியே முடித்த ஐந்து வேலைகளின் பர்மிட் எண்களைக் கேளுங்கள். அவற்றில் ஒன்றாவது நிராகரிக்கப்பட்டுத் திருத்தி அனுப்பியதாக இருக்க வேண்டும். எண்கள் கிடைக்காவிட்டால் அது 2 தான்.

படி 3: அனுமதியைத் தனியே எழுதுங்கள்

பெரும்பாலான அட்டவணைகள் இங்கேதான் ஏமாற்றுகின்றன. வேலை தெரிந்தாலும் அதைச் செய்யும் உரிமை இல்லாவிட்டால் பயனில்லை. பர்மிட் விண்ணப்பத்தை அனுப்புகிறவர் சிங்கப்பூர் சுங்கத் துறையில் அறிவிப்பாளராகப் பதிவு செய்திருக்க வேண்டும், அதற்குரிய தேர்வு உண்டு. டிரேட்நெட்டில் அவர் பெயரிலேயே பயனர் கணக்கும் வேண்டும். பல அலுவலகங்களில் அக்காவின் கடவுச்சொல்லை ஒரு மஞ்சள் தாளில் எழுதி வைத்துச் சமாளிக்கிறார்கள். அதை மாற்று ஏற்பாடாகக் கணக்கிடாதீர்கள். தவறான அறிவிப்பு சட்டப்படி குற்றம். பிரச்சினை வந்தால் எம்சியில் வீட்டில் படுத்திருந்தவரின் பெயரில்தான் அது நிற்கும்.

நம் அலுவலகத்தின் அட்டவணை கீழே. × குறி இருந்தால் வேலை தெரியும், அனுமதி இல்லை என்று பொருள். கடைசிப் பத்தி, 3 அல்லது 4 மதிப்பெண்ணும் அனுமதியும் இரண்டும் உள்ளவர்களின் எண்ணிக்கை.

| வேலை | எவ்வளவு நேரம் காத்திருக்கும் | அக்கா | அண்ணன் | தோழி | நண்பர் | தம்பி | தாங்குவோர் |
|---|---|---|---|---|---|---|---|
| சாதாரண இறக்குமதி பர்மிட் | அரை நாள் | 4 | 2× | 3 | 0 | 2× | 2 |
| உணவுப் பொருள் பர்மிட் | அரை நாள் | 4 | 1× | 2 | 0 | 0 | 1 |
| நிராகரிப்பைத் திருத்துதல் | அரை நாள் | 4 | 0 | 2 | 0 | 0 | 1 |
| டிரான்ஸ்ஷிப்மென்ட் பர்மிட் | 1 நாள் | 4 | 3× | 3 | 0 | 1× | 2 |
| தோற்றச் சான்றிதழ் | 1 நாள் | 3 | 0 | 0 | 0 | 3× | 1 |
| லாரி, டெலிவரி ஆர்டர் | அரை நாள் | 1 | 4 | 0 | 2 | 3 | 2 |
| பில்லிங் | 3 நாள் | 0 | 0 | 1 | 4 | 1 | 1 |

எக்செல்லிலோ கூகுள் ஷீட்டிலோ இதை நான்கு தாள்களாக வையுங்கள். `Skill` தாளில் மதிப்பெண், `Access` தாளில் அனுமதி இருந்தால் Y, `Last` தாளில் அந்த வேலையைக் கடைசியாகச் செய்த தேதி. நான்கிலும் வரிகளும் பத்திகளும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். நான்காவது `Eff` தாள் தானாகக் கணக்கிடும்:

```
Eff!B2:  =IF(AND(Skill!B2>=3, Access!B2="Y", TODAY()-Last!B2<=60), 1, 0)
Eff!G2:  =SUM(B2:F2)
Eff!B9:  =SUMPRODUCT(B2:B8*($G$2:$G$8=1))
```

முதல் சூத்திரத்தை ஐந்து பத்திகளுக்கும் ஏழு வரிகளுக்கும், இரண்டாவதைக் கீழேயும், மூன்றாவதைப் பக்கவாட்டிலும் இழுத்துவிடுங்கள். G பத்தி ஒவ்வொரு வேலையையும் எத்தனை பேர் தாங்குகிறார்கள் என்று சொல்லும். ஒன்பதாவது வரி, ஒவ்வொருவரும் வராவிட்டால் எத்தனை வேலைகள் நிற்கும் என்று சொல்லும். நம் அட்டவணையில் அக்காவுக்கு 3, நண்பருக்கு 1, மற்ற மூவருக்கும் 0.

60 நாள் நிபந்தனை எதற்கு என்றால், போன வருடம் கற்றுக்கொண்டு அதன்பின் தொடாத வேலையை ஒருவர் இன்று செய்வார் என்று நம்ப முடியாது. படிவம் மாறியிருக்கும், விதி மாறியிருக்கும், கை பழக்கம் போயிருக்கும். வாரம் ஒருமுறைகூட வராத வேலையாக இருந்தால் 90 நாள் வைக்கலாம்.

படி 4: எந்தக் கட்டத்தை நிரப்புவது?

ஏழு வேலை, ஐந்து பேர், முப்பத்தைந்து கட்டம். எல்லாவற்றையும் 3 ஆக்க வேண்டும் என்று கிளம்பாதீர்கள். ஆறு மாதம் பயிற்சி நடக்கும், வேலை நடக்காது. காத்திருக்கும் நேரத்தைப் பார்த்து இலக்கு வையுங்கள். அரை நாளுக்கு மேல் காத்திருக்க முடியாத வேலைக்கு மூன்று பேர், ஏனென்றால் இருவர் இல்லாத நாள் மாதம் ஒருமுறை வருகிறது. ஒரு நாள் காத்திருக்கும் வேலைக்கு இரண்டு பேர். மூன்று நாள் காத்திருக்கும் வேலைக்கு ஒருவரும், எழுதி வைத்த குறிப்பும், நிலை 2-ல் இன்னொருவரும் போதும். பில்லிங்கில் நண்பர் ஒருவர்தான் இருக்கிறார் என்பது அட்டவணையில் சிவப்பாகத் தெரியும். எனக்கு அது கவலையில்லை. அவர் ரிசர்விஸ்ட்டுக்குப் போகும் தேதி முன்பே தெரியும், அதற்குள் தோழியையோ தம்பியையோ 2-க்குக் கொண்டுவந்தால் போதும்.

அடுத்து, × குறிகளைப் பாருங்கள். பயிற்சியே தேவைப்படாத ஓட்டைகள் அவை. தம்பிக்குத் தோற்றச் சான்றிதழ் தெரியும். அவர் ஆசியான் நாடுகளுக்கான டி படிவத்தை ஒழுங்காகத் தயார் செய்கிறார், அனுப்பும் உரிமைதான் இல்லை. அண்ணனுக்கு டிரான்ஸ்ஷிப்மென்ட், அதாவது இங்கே இறக்கி வேறு நாட்டுக்கு ஏற்றி அனுப்பும் சரக்கின் பர்மிட், தெரியும், அதே கதை. இவர்கள் இருவரையும் தேர்வு எழுத வைத்துப் பதிவு செய்தால் இரண்டு வரிகளில் எண்ணிக்கை கூடும். இந்த வேலை வெளியே ஓர் அலுவலகத்தின் கையில் இருக்கிறது, ஆகவே முதல் நாளே தொடங்கிவிடுங்கள். மற்றப் பயிற்சி நடக்கும்போது அது தன்பாட்டுக்கு ஓடட்டும்.

படி 5: ஒரே நாளில் காணாமல் போகிறவர்கள்

லாரி வரியைப் பாருங்கள். அண்ணன் 4, தம்பி 3, தாங்குவோர் 2. சரிதான் என்று தோன்றும். தீபாவளிக்கு முந்தைய நாள் என்ன ஆகும்? அண்ணனும் தமிழர், தம்பியும் தமிழர். இருவரும் விடுப்பு கேட்பார்கள், ஒருவர் ஊருக்கும் போயிருப்பார். அட்டவணை 2 என்கிறது, அந்த வாரத்தில் உண்மை 0. உணவு பர்மிட்டுக்கு அண்ணனைப் பயிற்சி கொடுத்து அக்காவுக்குத் துணையாக்கினாலும் இதே கதைதான்.

நான் முன்பு போட்ட கணக்கு விடுப்புகள் தொடர்பின்றி விழும் என்று வைத்துக்கொண்டது. இந்த ஊரில் அப்படி விழாது. சீனப் புத்தாண்டுக்குப் பொது விடுமுறை இரண்டு நாள், அதன் இருபுறமும் சீன ஊழியர்கள் விடுப்பு சேர்ப்பார்கள். நோன்புப் பெருநாளுக்கு மலாய் ஊழியர்கள். ஜூனிலும் ஆண்டிறுதியிலும் பள்ளி விடுமுறை, பிள்ளை உள்ள எல்லோரும். ஒரே அறையில் உட்காரும் இருவருக்கு ஒரே வாரத்தில் சளி காய்ச்சல் வருவதும் நடக்கிறதுதான்.

ஆகவே ஒவ்வொரு வரிக்கும் மூன்று கேள்வி போடுங்கள். தமிழர்கள் யாரும் இல்லாவிட்டால் எத்தனை பேர் மிச்சம்? மலாய்க்காரர் இல்லாவிட்டால்? சீனர் இல்லாவிட்டால்? காத்திருக்காத வேலை எதிலும் 0 வரக் கூடாது. நம் அலுவலகத்தில் இந்தச் சோதனையில் லாரி வரி தோற்கிறது. உணவும் நிராகரிப்பும் தோற்கின்றன. அக்கா ஒருவரே இருப்பதால் அவை ஏற்கெனவே தெரிந்தவை. லாரி வரிதான் நமக்குப் புதிய செய்தி.

இதிலிருந்து பயிற்சித் திட்டம் தானாக வந்துவிடுகிறது. உணவு பர்மிட்டிலும் நிராகரிப்பிலும் தோழியை 2-லிருந்து 3-க்குக் கொண்டுவர வேண்டும். லாரியில் நண்பரை 2-லிருந்து 3-க்கு. சாதாரண பர்மிட்டில் தம்பியை 3-க்கு, அவருடைய பதிவும் சேர்ந்து வரும். உணவிலும் நிராகரிப்பிலும் மூன்றாவது ஆளாக அண்ணனோ தம்பியோ அடுத்த காலாண்டில். முப்பத்தைந்து கட்டத்தில் இப்போது தொடுவது நான்கு, அதோடு இரண்டு பதிவு.

படி 6: பயிற்சிக்கு நேரம் எங்கிருந்து வரும்?

இங்கேதான் திட்டங்கள் சாகின்றன. "ஃப்ரீயா இருக்கும்போது சொல்லிக்கொடுங்க" என்று அக்காவிடம் சொன்னால் அது ஒருபோதும் நடக்காது. அவர் ஃப்ரீயாக இருந்ததில்லை, அதனால்தானே இந்தக் கட்டுரை.

உணவு பர்மிட்டை எடுத்துக்கொள்வோம். நாளுக்கு ஆறு வருகிறது. அக்கா ஒன்றுக்கு 25 நிமிடம் எடுப்பார். தோழியை வைத்துச் செய்தால் 50 நிமிடம் ஆகும். நாளுக்கு இரண்டை மட்டும் பயிற்சிக்கு ஒதுக்கினால் அக்காவுக்குக் கூடுதலாகப் போவது 50 நிமிடம். தோழி முதல் 3 பர்மிட்டைப் பார்ப்பார், அக்கா ஏன் இப்படிச் செய்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்வார். அடுத்த 8 பர்மிட்டில் மவுஸ் தோழியின் கையில், அக்கா பக்கத்தில், கை நீட்டக் கூடாது. அடுத்த 15-ஐ தோழி தனியே தயாரிப்பார், அனுப்புமுன் அக்கா பார்ப்பார். மொத்தம் 26 பர்மிட், 13 வேலை நாள். கடைசி 15-க்குக் கூடுதல் நேரம் குறைந்துகொண்டே போகும்.

அந்த 50 நிமிடத்தை அக்காவிடமிருந்து எதையாவது எடுத்துத்தான் உண்டாக்க வேண்டும். தம்பிக்குச் சாதாரண பர்மிட்டில் நிலை 2 இருக்கிறது. அனுப்பும் உரிமை இல்லாவிட்டாலும் இன்வாய்ஸ் பார்த்து விவரங்களை நிரப்பித் தயாராக வைக்கலாம். அக்கா சரிபார்த்து அனுப்பினால் போதும். நாளுக்கு ஐந்தாறை இப்படி மாற்றினால் நேரம் கிடைத்துவிடும், தம்பிக்கும் அதுவே பயிற்சி.

நேரத்தையும் குறித்து வையுங்கள். இரண்டு மணியிலிருந்து மூன்றே முக்கால் மணி வரை என்று வைத்தால் அந்த நேரம் முழுதும் அக்காவின் போனை அண்ணன் எடுப்பார். ஒருவர் ஒரே நேரத்தில் ஒரு வேலையைத்தான் கற்க வேண்டும். சீனப் புத்தாண்டுக்கு முந்தைய நான்கு வாரத்தில் உணவுச் சரக்கு குவியும், அப்போது பயிற்சியைத் தொடங்காதீர்கள்.

கற்றுக்கொடுக்கும்போது ஒன்று வெளிப்படும். அக்காவிடம் இருப்பதில் பாதி திறமையே அல்ல, தகவல். இந்த வாடிக்கையாளரின் இந்தச் சாஸுக்கு சுங்கத்துக்கான எந்த எட்டு இலக்க எச்எஸ் பொருள் குறியீடு, அவருடைய சிங்கப்பூர் உணவு அமைப்பு உரிம எண் என்ன, இறைச்சிக்கு வரும் சுகாதாரச் சான்றிதழில் எந்தக் கட்டத்தைச் சப்ளையர் அடிக்கடி தப்பாக நிரப்புவார். இவை எல்லாம் அவருடைய தலையிலும் பழைய மின்னஞ்சலிலும் இருக்கின்றன. இதைப் பயிற்சியால் மாற்ற முடியாது, எழுதித்தான் ஆக வேண்டும். வாடிக்கையாளருக்கு ஒரு பக்கம்: பொருளின் பெயர், குறியீடு, உரிம எண், கடைசி பர்மிட் எண், கவனிக்க வேண்டியது. பயிற்சியின்போது தோழியே எழுதட்டும். அக்கா எழுதினால் தனக்குத் தெரிந்ததை எழுத மறந்துவிடுவார்.

படி 7: ஒத்திகை

26 பர்மிட் முடிந்ததும் 3 போட்டுவிடாதீர்கள். ஒரு புதன்கிழமை அக்காவை மீட்டிங் அறையில் உட்கார வைத்து வேறு வேலை கொடுங்கள். அவர் அலுவலகத்தில் இருப்பார், ஆனால் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லக் கூடாது, வாட்ஸ்அப்பிலும் கூடாது. தோழி எங்கே தடுக்கினாலும் கேள்வியைத் தாளில் எழுதி வைத்துவிட்டு முடிந்தவரை தொடர வேண்டும். சரக்கு நிஜமாகவே மாட்டிக்கொள்ளும் என்றால் மட்டும் மேலாளர் ஒத்திகையை நிறுத்தலாம்.

மாலையில் அந்தத் தாளைப் பாருங்கள். கேள்விகள் மூன்று வகையாகப் பிரியும். "இந்த எண் எங்கே இருக்கு?" என்பது தகவல் குறை, அந்த வாடிக்கையாளரின் பக்கத்தில் ஒரு வரி சேர்த்தால் தீரும். "இப்படி வந்தா என்ன செய்றது?" என்பதுதான் நிஜமான திறன் குறை, இன்னும் நாலைந்து பர்மிட் பயிற்சி வேண்டும். மூன்றாவது வகைதான் பலரும் எதிர்பார்க்காதது: கேள்வியே வராமல் வேலை நிற்பது. வாடிக்கையாளர் ஆவணத்தை அக்காவின் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பியிருப்பார், அது அங்கேயே கிடக்கும். அல்லது சுங்கத் துறையின் விளக்கக் கேள்வி அவர் பெயருக்கு வந்திருக்கும். எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்தாலும், வேலை ஆளின் பெட்டிக்குள் வந்து விழுந்தால் அவர் வராத நாளில் அது யாருக்கும் தெரியாது. பொதுவான மின்னஞ்சல் முகவரி ஒன்று வைத்து, வாடிக்கையாளர்களை அதற்கு மாற்றுங்கள். பழக்கப்பட்டவர்கள் மாற ஓரிரு மாதம் ஆகும், அதுவரை அக்காவின் பெட்டிக்கு வருவது அங்கேயும் ஒரு பிரதி போகும்படி வையுங்கள்.

படி 8: மறக்காமல் வைத்திருப்பது

3 வந்தபின் தோழி வாரம் ஒருநாள் உணவு பர்மிட் மேசையில் இருக்கட்டும், அன்று அக்கா சாதாரண பர்மிட் பார்க்கட்டும். நண்பர் பதினைந்து நாளுக்கு ஒருமுறை காலை லாரி வேலை பார்க்கட்டும். `Last` தாளில் தேதியை அவரவரே போட வேண்டும். 60 நாள் தாண்டினால் `Eff` தாளில் எண்ணிக்கை தானே குறையும், அதுதான் எச்சரிக்கை. மாதத்தின் முதல் திங்கள் பத்து நிமிடம் G பத்தியைப் பார்த்தால் போதும்.

காலையில் யாராவது எம்சி என்றால் ஒன்பதேகாலுக்குள் ஒருவர் அந்தத் தாளைத் திறந்து, அவர் பத்தியில் 1 உள்ள வேலைகளை யாருக்கு என்று பிரிக்க வேண்டும். அதோடு, அவருடைய எந்த வேலை இன்று செய்யப்படாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இந்த இரண்டாவது முடிவை எடுக்காததால்தான் மாற்று ஆள் தன் சொந்த வேலையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு, மாலையில் இரண்டு வரிசையும் நிற்கும்.

எங்கே பிசகும்

அட்டவணை சரியாக ஓடத் தொடங்கிய ஆறு மாதத்தில் ஒரு புதிய அக்கா உருவாவார். பயிற்சி எடுப்பதில் ஆர்வமும் வேகமும் உள்ளவர் தோழி, ஆகவே ஒவ்வொரு ஓட்டைக்கும் அவரையே போடத் தோன்றும். ஒன்பதாவது வரியில் அவருக்கு 0 தான் காட்டும், ஏனென்றால் எந்த வேலையிலும் அவர் ஒரே ஆள் இல்லை. ஆனால் ஐந்து வேலைக்கு அவரே இரண்டாவது ஆள். அக்காவும் தோழியும் சேர்ந்து இல்லாத நாளில் நிலைமை பழையபடிதான். ஒருவர் மூன்றுக்கு மேல் வேலைகளுக்கு முதல் மாற்று ஆளாக இருக்கக் கூடாது என்று வரம்பு வையுங்கள்.

இன்னொன்று, தயாரிப்பவரும் சரிபார்ப்பவரும் ஒருவராகிவிடுவது. ஆள் குறைந்த நாளில் தோழியே நிரப்பி, தோழியே பார்த்து, தோழியே அனுப்புவார். இன்வாய்ஸ் மதிப்பில் ஒரு பூஜ்யம் விட்டுப்போனால் 9 விழுக்காடு பொருள், சேவை வரியும் அந்த அளவுக்குத் தப்பாகும். நிலை 2 உள்ள தம்பி மதிப்பு, எடை, பெட்டி எண்ணிக்கை மூன்றையும் இன்வாய்ஸோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியும். அதற்கு 3 தேவையில்லை.

மூன்றாவது, இது தீர்க்காத பிரச்சினை. ஐவரும் வந்த நாளிலும் வேலை மாலை ஆறுக்கு முடியவில்லை என்றால் உங்களுக்குக் குறைவது திறன் அல்ல, ஆள்தான். அப்போது மாற்றுப் பயிற்சி கொடுத்தால் வரிசை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகரும். எல்லோரும் இருந்த நாட்களையும் ஒருவர் இல்லாத நாட்களையும் தனித்தனியே பிரித்து, நாள் முடிவில் எத்தனை வேலை மிச்சம் என்று பாருங்கள். முதல் வகை நாட்களில் மிச்சம் ஏறக்குறைய இல்லாமல், இரண்டாவதில் மட்டும் கூடினால் இந்த வழி வேலை செய்யும்.

அக்காவின் தயக்கமும் இருக்கும். "எல்லாத்தையும் சொல்லிக்கொடுத்துட்டா என்னை எதுக்கு வச்சிருப்பாங்க?" என்று அவர் கேட்கமாட்டார். ஆனால் பயிற்சி நேரம் ஒவ்வொரு முறையும் ஏதோ அவசரத்தால் தள்ளிப்போகும், அதிலிருந்து தெரிந்துகொள்ளலாம். நிலை 4-க்கு என்று சம்பளத்தில் ஏதாவது சேருங்கள், திட்டம் தொடங்கும் முன்பே அதை எழுத்தில் கொடுங்கள். இன்னொன்றும் அவருக்குக் கிடைக்க வேண்டும்: லேப்டாப் எடுத்துப் போகாமல், போன் வராமல் இரண்டு வார விடுப்பு. தோழி ஒத்திகையில் தேறிய மாதமே அதைக் கொடுத்துவிடுங்கள்.